நாலு மாதமாக ஸ்ட்ரெச் செய்தும் இடுப்பு இளகவில்லை, தோள் உயரவில்லை: எங்கே தப்பு?

பகாவ்_கிராணி | ஜூன் 3, இரவு 10:42

செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை, 17 வருஷமாகிறது. வயது 41. விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கும் அரை மணி நேரம்தான் காலில் நிற்பது. அதற்கப்புறம் சாயங்காலம் வரை நாற்காலி, கணினி, செக்ரோல். செவ்வாய், வெள்ளி இரவு 8 மணிக்குத் தமான் டேவானில் பூப்பந்து.

இரண்டு தொந்தரவு. வலைக்குப் பக்கத்தில் விழும் பந்தை எடுக்க வலது காலை நீட்டிப் பாயும்போது இடுப்பின் முன்பக்கம் பிடித்து இழுக்கிறது. தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும்போது வலது தோள் பாதி வழியில் முட்டுகிறது, முழங்கையை மடக்கித்தான் அடிக்க முடிகிறது. ஒரு செட் ஆடி முடித்தபின் இரண்டும் கொஞ்சம் இளகும். வீட்டுக்கு வந்து படுத்து எழுந்தால் பழைய கதை.

ஆட்டத்துக்கு முன் 25 நிமிடம் ஸ்ட்ரெச் செய்கிறேன். வலது தொடை, தோள், கழுத்து, குனிந்து கால்விரலைத் தொடுவது, எல்லாம் உண்டு. நாலு மாதமாக ஒரு நாள் விடவில்லை. மாற்றமே இல்லை. நேரம் போதவில்லையா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பழைய_கோலி | ஜூன் 3, இரவு 11:15

தம்பி, நம்ம ஊர் வெயிலுக்கு உடம்பு எப்பவுமே சூடாத்தான் இருக்கு. வார்ம் அப் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு. நாங்க தோட்டத்து டீமுக்கு ஆடுனப்ப பாடாங்க ரெண்டு சுத்து ஓடுவோம், அப்புறம் ஒவ்வொரு காலையும் ரெண்டு நிமிஷம் நல்லா இழுத்துப் பிடிப்போம். 12 வருஷம் கோல் கட்டுனேன், தொடை ஒரு தடவைகூட பிடிச்சதில்ல. நீ பிடிக்கிற நேரம் பத்தல. கூட்டு.

ராணி_தையல் | ஜூன் 4, காலை 9:20

எனக்கும் தோள்தான் பிரச்சினை. இடது கை. மூணு மாசமா ராத்திரி வலி, திரும்பிப் படுக்க முடியல. பின்னால கை கொண்டுபோய் ஊக்கு மாட்ட முடியல. நாள் பூரா மிஷின்ல உட்கார்ந்து தைக்கிற வேலை. சர்க்கரை வேற இருக்கு. கிராணி தம்பி செய்யிற ஸ்ட்ரெச்ச நானும் செய்யலாமா? எத்தனை தடவை?

ஓய்வு_பிசியோ | ஜூன் 4, பிற்பகல் 2:05

ராணி அம்மா, உங்களுடையது இந்தக் கேள்வியில் சேராது என்று நினைக்கிறேன். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அடுத்தவர் திருப்பியும் கை போகவில்லை, மற்றக் கையைவிட வெகுவாகக் குறைகிறது என்றால் மூட்டைச் சுற்றிய உறையே இறுகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். இழுத்து இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் வலிதான் கூடும். கிளினிக்கில் காட்டுங்கள்.

கிராணி, நேரத்தைக் கூட்டுவதற்கு முன் எதை இழுக்கிறீர்கள் என்று பார்ப்போம். வலது காலை நீட்டிப் பாயும்போது பிடிப்பது எந்தப் பக்க இடுப்பு?

இரண்டு சோதனை செய்து எழுதுங்கள். முதலாவது, ஆடாத மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு அணைத்தபடி மல்லாந்து படுங்கள். ஒரு முழங்காலை அணைத்தபடியே மற்றக் காலைத் தொங்க விடுங்கள். அந்தத் தொடை மேசை மட்டத்துக்கு இறங்குகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? இரண்டாவது, தரையில் மல்லாந்து முழங்காலை மடக்கி, அடிமுதுகும் கீழ் விலாவும் தரையோடு படிந்திருக்க, கட்டைவிரல் தரையைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். விலா எழும்பும் இடத்தில் நிறுத்தி, விரலுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து சொல்லுங்கள்.

பகாவ்_கிராணி | ஜூன் 4, இரவு 9:50

செய்தேன். முதலில் ஒரு திருத்தம்: பிடிப்பது இடது இடுப்பு. வலது கால் முன்னே போவதால் வலது பக்கம்தான் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். இன்று வீட்டு ஹாலில் மெதுவாகப் பாய்ந்து பார்த்தபோது, பின்னால் தங்கும் இடது காலின் தொடையிடுக்குதான் இழுத்தது. நாலு மாதமாக வலது தொடையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

மேசைச் சோதனை: வலது தொடை மேசையில் படிந்தது. இடது தொடை நாலு விரற்கடை உயரத்தில் நின்றது. முழங்கால் மட்டும் இரண்டு பக்கமும் தளர்வாகத் தொங்கியது.

தோள் சோதனை: வலது கட்டைவிரலுக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி. இடதும் கிட்டத்தட்ட அதேதான், ஒரு விரல் குறைவு. ஆட்டத்தில் இடது கையை ஓங்குவதே இல்லை என்பதால் இத்தனை நாள் தெரியவில்லை.

ஓய்வு_பிசியோ | ஜூன் 5, காலை 7:30

இப்போது விஷயம் புரிகிறது. முழங்கால் தளர்வாகத் தொங்குவதால் தொடையின் முன்தசை அவ்வளவு இறுகவில்லை. அதற்கும் உள்ளே, முதுகெலும்பிலிருந்து இடுப்பைக் கடந்து தொடை எலும்பில் போய்ப் பிடிக்கும் ஆழமான தசைதான் விட்டுக்கொடுக்கவில்லை. குதிகாலைப் பிட்டத்தோடு இழுத்துப் பிடிக்கும் வழக்கமான ஸ்ட்ரெச் அங்கே அவ்வளவாகப் போய்ச் சேராது.

தோள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்பதைக் கவனியுங்கள். தோள் மூட்டே கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் குறையும். நீங்கள் மேல்முதுகைப் பார்க்க வேண்டும். இப்போதே நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து கையை உயர்த்துங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து உயர்த்துங்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். முதுகு வளைந்தால் தோள்பட்டை எலும்பு முன்னே சாய்ந்துவிடும், கை மேலே போக வழி இருக்காது.

ஒரு துண்டைக் கெட்டியாகச் சுருட்டி, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே முதுகுக்குக் குறுக்காக வைத்துப் படுங்கள். தலையைக் கைகளால் தாங்கி ஐந்து மூச்சு. துண்டை இரண்டு விரல் மேலே நகர்த்தி இன்னும் ஐந்து. எழுந்து தோள் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பகாவ்_கிராணி | ஜூன் 5, இரவு 8:15

ஒரு சாண் இருந்தது நாலு விரலாகிவிட்டது. தோளைத் தொடவே இல்லை, துண்டில் பத்து மூச்சு விட்டதோடு சரி. மனைவியை அளக்கச் சொன்னேன், அவளும் இரண்டு தடவை அளந்தாள்.

காலையில் போய்விடுமா இது?

ஓய்வு_பிசியோ | ஜூன் 5, இரவு 9:02

பெரும்பகுதி போய்விடும். அரை மணி நேரத்தில் தசை நீளமாகிவிடாது. நரம்பு அந்த அசைவை அனுமதித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன் அந்த அனுமதி போதும். கிடைத்த இடத்தை உடனே பயன்படுத்தினால்தான் தங்கும். துண்டு முடிந்ததும் சுவரில் கை ஏற்றி, அப்புறம் ராக்கெட்டை வீச வேண்டும். துண்டில் படுத்துவிட்டுப் பத்து நிமிடம் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தால் பலனில்லை.

பழைய_கோலி | ஜூன் 6, காலை 6:50

பிசியோ சார், அப்ப நான் சொன்ன ரெண்டு நிமிஷம் தப்பா? எனக்கு ஒண்ணும் ஆகலையே.

ஓய்வு_பிசியோ | ஜூன் 6, காலை 11:40

பாடாங்கை இரண்டு சுற்று ஓடியது முழுக்கச் சரி அண்ணே. வியர்வை தோலில் வருவது. வெயிலில் சும்மா நின்றாலும் வரும். தசை சூடாக அது வேலை செய்ய வேண்டும். நம் ஊரில் அதற்கு மூன்று நாலு நிமிடம் போதும், அந்த அளவில் நீங்கள் சொன்னதும் உண்மை.

அசையாமல் இழுத்துப் பிடிப்பது அரை நிமிடத்துக்குள் இருந்தால் கெடுதல் இல்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்துவிட்டு உடனே குதித்தால் அந்தத் தசையின் வேகமும் பலமும் சற்றுக் குறையும். நீண்ட பிடிப்பு இரவு தூங்கப் போகும் முன் நல்லது. உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அப்போது என்ன வேலை பார்த்தீர்கள்?

பழைய_கோலி | ஜூன் 6, பிற்பகல் 1:10

பால்மரம் வெட்டு. அஞ்சரைக்கு நெரைக்குப் போனா வெயில் ஏறுற வரைக்கும் மரத்துக்கு மரம் நடை, குனியறது, திரும்பறது, வாளி தூக்கறது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டம்.

பகாவ்_கிராணி | ஜூன் 6, பிற்பகல் 1:25

அப்படியென்றால் அண்ணனுக்கு மதியத்துக்குள் இடுப்பு எல்லாத் திசையிலும் போய் வந்துவிட்டது. எனக்கு டேவானில் பாயும் முதல் பாய்ச்சல்தான் அன்றைக்கு இடுப்பு பின்னே நீளும் முதல் தடவை. என் அப்பாவும் குலை வெட்டியவர். 60 வயதிலும் நீண்ட கழியை அண்ணாந்து தூக்கிப் பிடிப்பார். கழுத்து வலிக்குது என்பார், தோள் வலிக்குது என்று சொல்லிக் கேட்டதில்லை.

பகாவ்_கிராணி | ஜூன் 9, இரவு 10:30

பிசியோ சாருடன் தனியாகவும் பேசி, வரிசையை 12 நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறேன். இன்றுவரை செய்வது இதுதான்.

முதல் 3 நிமிடம் கோர்ட்டைச் சுற்றி வேக நடை, பக்கவாட்டு நடை, கையை வீசியபடி. மூச்சு கொஞ்சம் வேகமாக வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும்.

அடுத்து இடுப்பு, 4 நிமிடம். இடது முழங்காலை மடித்த துண்டின்மேல் ஊன்றி, வலது பாதம் முன்னே. முன்னே சாய்வதில்லை. வால் எலும்பை உள்ளே சுருட்டி, இடது பிட்டத்தை இறுக்கினால் அங்கேயே தொடையிடுக்கு இழுபடுகிறது. ஐந்து மூச்சு, பிறகு சின்னதாக முன்னும் பின்னும் எட்டு தடவை. அதன்பின் மல்லாந்து, பாதம் ஊன்றி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது எட்டு. கடைசியாக ஆறு பாய்ச்சல்: முதலாவது அரை அடி, ஆறாவதுதான் முழு நீளம். இடது பக்கம் இரண்டு சுற்று, வலது பக்கம் ஒன்று.

பிறகு மேல்முதுகு, 3 நிமிடம். துண்டு, இரண்டு இடத்தில். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் நகராமல் மேல்கையைப் புத்தகம் திறப்பதுபோல் பின்னே விரிப்பது, பக்கத்துக்கு ஆறு. எழுந்து முன்னங்கைகளைச் சுவரில் ஊன்றி மேலே வழுக்கி ஏற்றுவது எட்டு.

மிச்சம் 2 நிமிடம் ராக்கெட்டோடு. பந்தில்லாமல் பத்து வீச்சு மெதுவாக, பத்து வேகமாக, அப்புறம் அரைக் கோர்ட்டில் லேசாக அடிப்பது.

25 நிமிடம் செய்தபோது கிடைக்காதது இதில் கிடைக்கிறது. செவ்வாய் ஆட்டத்தில் முதல் செட்டிலேயே கை நேராகப் போனது.

பகாவ்_கிராணி | ஜூன் 14, இரவு 11:05

இரண்டு நாளாக அடிமுதுகு வலி. இடுப்பு ஸ்ட்ரெச் செய்த மறுநாளே தொடங்கியது. நிறுத்திவிடவா?

ஓய்வு_பிசியோ | ஜூன் 15, காலை 8:10

பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வால் எலும்பு சுருண்டிருக்கிறதா, பிட்டம் பின்னே தள்ளி முதுகு வில்லாக வளைந்திருக்கிறதா?

பகாவ்_கிராணி | ஜூன் 15, இரவு 9:20

வில்லாகத்தான் வளைந்திருந்தது. மகன் எடுத்துக் காட்டினான். "நல்லா போகுது" என்று நான் நினைத்து முன்னே முன்னே சாய்ந்த தூரமெல்லாம் இடுப்பிலிருந்து வரவில்லை, முதுகை வளைத்து எடுத்தது. வால் எலும்பைச் சுருட்டிக்கொண்டு செய்தால் இரண்டு அங்குலம்கூட நகர முடியவில்லை, ஆனால் இழுப்பு சரியான இடத்தில், தொடை தொடங்கும் இடத்தில், ஆழமாகத் தெரிகிறது. முதுகில் ஒன்றுமில்லை. ஜூன் 9இல் எழுதியதைப் பின்பற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஜிம்_தம்பி | ஜூன் 20, மாலை 6:45

அண்ணே, கதவு நிலையில் ரெண்டு கையையும் வச்சு நெஞ்சை முன்னே தள்ளுற ஸ்ட்ரெச் ஏன் சேர்க்கல? கம்ப்யூட்டர்ல உட்கார்றவங்களுக்கு நெஞ்சுத் தசைதான் சுருங்குது. நான் தினமும் கையை நல்லா மேலே வச்சுத் தள்ளுவேன், செம இழுப்பு.

பகாவ்_கிராணி | ஜூன் 24, இரவு 10:10

தம்பி சொன்னதை மூன்று நாள் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் இரவு தோளின் முன்பக்கம் ஒரு குத்தல். தள்ளும்போதே சுண்டுவிரலும் மோதிரவிரலும் சுரீரென்றன.

ஓய்வு_பிசியோ | ஜூன் 25, காலை 7:55

விரல் சுரீரென்றால் அங்கே இழுபடுவது நரம்பு. உடனே விட வேண்டிய அறிகுறி அது. முழங்கை தோளைவிட மேலே போய், உடம்பு எடை முழுதும் முன்னே சாய்ந்தால் நெஞ்சுத் தசையைவிட மூட்டின் முன்பக்கமே அதிகம் தாங்கும். செய்வதென்றால் முழங்கை தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு கை மட்டும், பாதி பலம். ஆனால் உங்கள் அளவு துண்டிலேயே சரியாகிறது. உங்களுக்கு இது எதற்கு? தம்பிக்கு ஒத்துவந்தால் தம்பி செய்யட்டும்.

ஜிம்_தம்பி | ஜூன் 25, காலை 8:30

எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியல. ஆனா தோள் முன்னாடி கொஞ்ச நாளா வலிக்குது, பெஞ்ச் பிரஸ்ஸால வந்ததுன்னு நெனச்சேன். ரெண்டு வாரம் கதவை விட்டுப் பார்க்கிறேன்.

ராணி_தையல் | ஜூலை 1, பிற்பகல் 3:00

கிளினிக் போனேன். பிசியோ சார் சொன்ன மாதிரியேதான் டாக்டரும் கையைத் திருப்பிப் பார்த்தார். உறை இறுகிப்போச்சாம். முழுசா சரியாக ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகலாமாம். இப்போதைக்கு வலிக்காத அளவுக்கு மட்டும் கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொல்லியிருக்காங்க. சர்க்கரையும் கூடித்தான் இருக்கு. கேட்காம விட்டிருந்தா தம்பியோட பயிற்சியைத்தான் செஞ்சிருப்பேன்.

பகாவ்_கிராணி | ஜூலை 8, இரவு 9:40

சம்பள வாரம் முடிந்தது. ஏழாம் தேதிக்குள் எல்லோருக்கும் சம்பளம் போட்டாக வேண்டும் என்பதால் மாத முதல் வாரம் பத்து மணி நேரம் வரை நாற்காலி. இந்த வாரம் ஆட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. இன்று மேசைச் சோதனை: இடது தொடை ஜூன் கடைசியில் ஒரு விரலுக்கு வந்திருந்தது, இப்போது மூன்று விரல். தோள்: முக்கால் சாண்.

ஆறு நாளில் இவ்வளவு திரும்புமென்றால், 12 நிமிடம் எதைத்தான் மாற்றியது?

ஓய்வு_பிசியோ | ஜூலை 9, காலை 8:20

நாலு விரலும் ஒரு சாணும் இருந்த இடத்துக்கு இன்னும் திரும்பவில்லையே. ஒரு வாரத்துக்கு இரண்டு தடவை செய்வது ஆட்டத்துக்கான தயாரிப்பு. நிலையாக இறங்க வேண்டுமென்றால் இடுப்பு ஸ்ட்ரெச்சையும் துண்டையும் ஆட்டமில்லாத நாட்களிலும், நாலு நிமிடம், செய்யுங்கள். நாற்காலியிலிருந்து அடிக்கடி எழுவதும் உதவும் என்பது என் அனுபவம்.

பழைய_கோலி | ஜூலை 9, காலை 10:00

எழுந்தா போதும்னு நான் நினைக்கிறேன். பயிற்சியே வேணாம். மணிக்கு ஒரு தடவை ஆபீஸ்ல இருந்து ஸ்டோர் வரைக்கும் நடந்துட்டு வா, ஒரே மாசத்துல தொடை இறங்கும்.

பகாவ்_கிராணி | ஜூலை 9, இரவு 10:15

அண்ணே, நடக்கும்போது இடுப்பு பின்னே நீளுவது கொஞ்சம்தான், பாய்ச்சலில் நீளுவது அதைவிட எவ்வளவோ அதிகம். நடை மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தப்பென்று சொல்லவும் என்னிடம் கணக்கில்லை. அடுத்த சம்பள வாரத்தில் பார்த்துவிடுகிறேன். பிரிண்டரை ஸ்டோர் பக்கத்து அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்தாக வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் நடை மட்டும், பயிற்சி இல்லை. செப்டம்பர் முதல் வாரம் பிரிண்டர் பழைய இடத்தில், இரவு நாலு நிமிடம் மட்டும்.

பகாவ்_கிராணி | ஜூலை 26, இரவு 10:50

இன்றைய அளவு: இடது தொடை ஒரு விரலுக்கும் குறைவு. தோள் துண்டுக்கு முன் நாலு விரல், துண்டுக்குப் பின் இரண்டு. வலைப் பந்துக்குப் பாயும்போது இழுப்பு இல்லை.

புதிதாக ஒன்று. மேசையில் இடது காலை இறக்கும்போது தொடையிடுக்கில் "டக்" என்று ஒரு சத்தம். வலி இல்லை.

ஓய்வு_பிசியோ | ஜூலை 27, காலை 7:40

தசைநார் எலும்பு முகட்டைத் தாண்டும்போது அப்படிக் கேட்கலாம். வலி இல்லாதவரை விடுங்கள். சத்தம் வருகிறதா என்று வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள், அதுதான் எரிச்சலூட்டும். ஆழமாகக் குந்தும்போது முன்பக்கம் கிள்ளுவதுபோல் வலித்தாலோ, மூட்டு மாட்டிக்கொண்டாலோ நேரில் காட்டுங்கள்.

பகாவ்_கிராணி | ஜூலை 27, இரவு 9:05

கிள்ளல் இல்லை. காலை இன்னும் மெதுவாக, முழங்காலைக் கொஞ்சம் வெளியே திருப்பி இறக்கினால் சத்தமும் இல்லை. பிரிண்டர் இன்று இடம் மாறியது. ஆகஸ்ட் 8 இரவு அளந்து இங்கேயே போடுகிறேன், கோலி அண்ணன் சொன்னது சரியா என்று பார்க்கலாம்.